விரியாத குருத்து

நேயர்களுக்கு வணக்கம். பட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்காக எஸ்.ஓ.பி. பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எஸ்.ஓ.பி. என்றதும் உங்களுக்குக் கோவிட் காலத்து முகக்கவரி நினைவுக்கு வரலாம். இது வேறு. ஏன் படிக்க வருகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதித் தரும் நோக்க அறிக்கை. அதில் ஆய்வு ஆர்வத்தைச் சொல்லும் ஒரே ஒரு பத்தியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். விண்ணப்பங்களைப் படிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான்.

தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் என் உறவுக்காரப் பெண் இருக்கிறாள். அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். ஆய்வு வழி முதுகலைக்கு அவள் எழுதிய பத்தியைத் தமிழில் சொல்கிறேன்: “துல்லிய வேளாண்மை, தொலையுணர்வு, மெஷின் லேர்னிங், பிக் டேட்டா, நிலைத்த வளர்ச்சி ஆகிய துறைகளில் எனக்கு ஆழ்ந்த ஆர்வம் உண்டு. இவற்றின் மூலம் நாட்டின் செம்பனைத் தொழிலுக்குப் பங்களிக்க விரும்புகிறேன்.”

பிழை ஏதும் இல்லை. ஆனால் அவள் பெயரை அழித்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். ஐந்து துறையைச் சொல்கிறாள், ஒரு கேள்வியைக்கூடச் சொல்லவில்லை.

“இறுதியாண்டு புரொஜெக்ட்டில் என்னம்மா செய்தாய்?” என்று கேட்டேன். அங்கேதான் சரக்கு இருந்தது. செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கும் கானோடெர்மா என்ற பூஞ்சையை டிரோன் படத்தில் கண்டுபிடிக்க முயன்றிருக்கிறாள். 19 மரங்களுக்கு நோய் என்று படம் காட்டியது. நேரில் போய்ப் பார்த்தால் எட்டில்தான் அடியில் காளான் முளைத்திருந்தது. மீதி 11?

“அதெல்லாம் தப்பாக வந்துவிட்டது மாமா, அதனால் எழுதவில்லை.”

அதைத்தான் எழுத வேண்டும் என்றேன். ஏன் தப்பாக வந்தது என்று பேசிப் பார்த்தோம். பூஞ்சை வேரையும் அடித்தண்டையும் தின்றுவிட்டால் தண்ணீர் மேலே ஏறாது. குருத்துகள் விரியாமல் ஈட்டி மாதிரி நிற்கும், மட்டைகள் வெளிறும். கடும் வறட்சியிலும் தண்ணீர் ஏறாது, குருத்து அதே மாதிரிதான் நிற்கும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் படம் எடுத்ததோ மழையில்லாத மாதம்.

இரண்டாவது வரைவில் கேள்வி வந்துவிட்டது. ஆனால் “11 ஆரோக்கியமான மரங்களை நோய் என்று காட்டியது” என்று எழுதியிருந்தாள். அதை வெட்டினேன். கானோடெர்மாவில் காளான் வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே அழுகல் பரவியிருக்கலாம். அடித்தண்டைத் துளைத்து, அந்த மரத்தூளில் பூஞ்சை வளர்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்காமல் ஆரோக்கியம் என்று சொல்ல முடியாது. துறை தெரிந்தவர் அந்த ஒரு சொல்லில் நின்றுவிடுவார். இன்னொரு கோளாறும் இருந்தது: கேமராவின் அலைவரிசைகளை வரிசையாக அடுக்கியிருந்தாள். பழைய அடுக்குதான், உடை மட்டும் வேறு. அதுவும் போயிற்று.

மூன்றாவது வரைவு இது: “டிரோன் படத்தில் கானோடெர்மா என்று நான் குறித்த 19 செம்பனைகளில் 11-இல் வெளியே காளான் தெரியவில்லை. வறட்சியும் இதே அடையாளத்தைக் காட்டும். மழைக்கு முன்னும் பின்னும் அதே மரங்களைப் படம் எடுத்தால், தேறும் மரத்தையும் தேறாத மரத்தையும் பிரிக்க முடியுமா என்பதே என் கேள்வி. மரத்தூள் சோதனையோடு ஒப்பிட்டு இதைச் செய்ய விரும்புகிறேன். அந்தச் சோதனையை நான் இன்னும் கற்கவில்லை.”

மெஷின் லேர்னிங் என்ற சொல்லே இல்லையே என்று அவளுக்குப் பயம். படத்தை அவள் எப்படிப் பிரித்தாள் என்பது புரொஜெக்ட் பத்தியில் இருக்கிறது, இங்கே வேண்டாம். “இந்த ஒரு கேள்வியிலேயே கட்டிப் போட்டுவிடுவார்களோ?” என்றும் கேட்டாள். நியாயமான கேள்வி. தனியாக ஆய்வுத் திட்டம் கேட்கும் இடங்களில் விரிவை அதில் வைத்துக்கொள்ளலாம். இங்கே கடைசியில் ஒரு வரி போதும்: மற்றப் பயிர்களில் நீர்த்தட்டுப்பாட்டையும் நோயையும் பிரிக்கும் வேலையிலும் சேரத் தயார் என்று. மேற்பார்வையாளர் பெயரைக் குறிப்பிடுவதானால், அவர் கட்டுரை ஒன்றையாவது படித்து, அது இந்தக் கேள்வியைத் தொடும் இடத்தைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பெயரே வேண்டாம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அவள் அப்பா, “அந்தப் பதினொன்றை மழைக்கு அப்புறம் போய்ப் பார்த்தாயா?” என்றார். பார்க்கவில்லை. மழை பெய்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. சனிக்கிழமை காலை இருவரும் மோட்டாரில் போனார்கள். ஏழு மரங்களில் குருத்து விரிந்திருந்தது, நான்கில் இல்லை. அன்றிரவு அந்தப் பத்தியில் ஒரு வாக்கியம் கூடியது.