அப்பாவின் பாஸ்புக்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்தோரு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பதினோரு ஆண்டுகள் கிளை மேலாளர் நாற்காலியில் கழிந்தன. அந்த நாற்காலிக்கு எதிரே, மொட்டையடித்த தலையோடு, கையில் பாஸ்புக்கோடு வந்து உட்கார்ந்த மகன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வந்ததும் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், அப்பா தவறிவிட்டார். கணக்கை முடித்துக் கொடுத்துவிடுங்கள்."

அதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இறப்பைத் தெரிவிப்பது ஒன்று, கணக்கை முடிப்பது இன்னொன்று. முதலாவதை உடனே செய்ய வேண்டும். இரண்டாவதற்கு அவசரமே இல்லை. நம் ஊரில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தெரிவிப்பதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு, முடிக்கும்போது ஒரே நாளில் பணம் வேண்டும் என்கிறார்கள்.

ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அப்பாவின் ஏ.டி.எம். அட்டை பீரோவில் இருக்கிறது. அதன் ரகசிய எண்ணும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காரியச் செலவு கழுத்தை நெரிக்கிறது. வங்கியில் சொன்னால் கணக்கை நிறுத்திவிடுவார்கள், சொல்லாமல் எடுத்துக்கொள்வோம் என்று தோன்றுகிறது. மனிதர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் பதில் சொல்ல வேண்டுமே, அதனால்.

அப்படி ஒரு குடும்பம் எங்கள் கிளைக்கு வந்தது. அப்பா ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். மாத ஓய்வூதியம் 36,000 ரூபாய். ஜூன் 10ஆம் தேதி காலமானார். அன்று கணக்கில் இருந்தது 18,000. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மூத்த மகன் அதை முழுவதும் அட்டை போட்டு எடுத்துவிட்டார். ஜூன் கடைசியில் வழக்கம்போல 36,000 ஏறியது. ஜூலை முதல் வாரம் 30,000 எடுத்தார். ஜூலை ஓய்வூதியமும் ஏறியது. ஆகஸ்டில் 34,000 எடுத்தார். பிறகுதான் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்க வேண்டுமே என்று கருவூலத்துக்குப் போனார்கள்.

ஓய்வூதியம் இறந்த நாள் வரைக்கும்தான். ஜூன் மாதத்தில் பத்து நாளுக்கு உரியது 12,000. மீதி 24,000 ரூபாயும், ஜூலையில் வந்த 36,000 ரூபாயும் அரசுக்குத் திரும்ப வேண்டிய பணம், ஆகமொத்தம் 60,000. கணக்கில் மிஞ்சியிருந்ததோ 8,000. இன்னொரு பக்கமாகப் பாருங்கள். குடும்பத்துக்கு நியாயமாக உரியது பழைய இருப்பு 18,000, பத்து நாள் ஓய்வூதியம் 12,000, மொத்தம் 30,000. எடுத்திருப்பதோ 82,000. கடைசியில் கூடுதலாக எடுத்த 52,000 ரூபாயை அம்மாவின் குடும்ப ஓய்வூதிய நிலுவையில் கழித்தார்கள். ஆக, மகன் எடுத்த பணத்துக்கு அம்மாவின் வயிற்றில் கை வைத்தது போலாயிற்று. இளைய மகன் வந்து, "அண்ணன் எவ்வளவு எடுத்தார் என்று அச்சடித்துக் கொடுங்கள்" என்று கேட்டபோது மூத்தவர் என் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தனக்கென்று செலவழிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இறந்தவரின் அட்டையில் பணம் எடுத்தவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஜூன் 15ஆம் தேதி வாக்கில் வங்கிக்கு ஒரு கடிதமும் கருவூலத்துக்கு ஒரு கடிதமும் கொடுத்திருந்தால் இத்தனையும் இல்லை. ஒரு வெள்ளைத்தாள் போதும். இன்ன எண்ணுள்ள கணக்குக்குரிய இன்னார், இன்ன தேதியில் காலமானார். கணக்கில் பணம் எடுப்பதை நிறுத்தி வையுங்கள், அட்டையையும் இணையச் சேவையையும் முடக்குங்கள், அவர் பெயரில் உங்கள் வங்கியில் உள்ள எல்லா வைப்புகள், கடன்கள், லாக்கர், நாமினி விவரங்களைத் தெரிவியுங்கள் என்று எழுதி, இறப்புச் சான்றிதழின் நகலை இணைக்க வேண்டும். சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லையென்றால் கடிதத்தை மட்டும் முதலில் கொடுங்கள். இன்னொரு பிரதியில் தேதியோடு வங்கியின் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரைக்குப் பிறகு கணக்கில் யாராவது கை வைத்தால் அது வங்கி பதில் சொல்ல வேண்டிய விஷயம். "முத்திரையெல்லாம் எதற்கு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கவுண்ட்டரில் சொல்வார்கள். நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

இறப்புச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணமும் அலைச்சலும் சேர்ந்துகொள்ளும். பதிவின்போதே பெயரின் எழுத்தைப் பாருங்கள். பாஸ்புக்கில் முன்னெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், சான்றிதழில் அந்த முன்னெழுத்து முழுப்பெயராக விரித்து எழுதப்பட்டிருக்கும். இந்த ஒரு முரணால் மட்டும் என் மேசையில் தேங்கிய விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை.

சரி, தெரிவித்தாயிற்று. இனி முடிப்பது. கணக்கு யார் பெயரில், எந்த வகையில் இருந்தது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வைத்திருந்து, 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற நிபந்தனை இருந்தால் வேலை எளிது. அப்பாவின் பெயரை நீக்கிவிட்டு அம்மா தொடரலாம். அப்பாவின் பெயரில் மட்டும் இருந்து நாமினி போட்டிருந்தால், உரிமைகோரும் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று, இந்த மூன்றும் போதும். நாமினி இருக்கும்போது வாரிசுச் சான்றிதழோ நீதிமன்றத்தின் இறங்குரிமைச் சான்றோ சாதாரணமாகக் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005லேயே சொல்லிவிட்டது. இருந்தும் கேட்கிற கிளைகள் இருக்கின்றன. கேட்டால், எந்த விதிப்படி என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். நாமினி என்றால் பணம் அவருக்கே சொந்தம் என்று வீடுகளில் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு தீருமோ அவர்தான் நாமினி. வாங்கிய பணத்தை அவர் வாரிசுகளுக்குப் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு வங்கிக் கணக்கு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வாரிசுகள் யார் என்பதிலும் கவனம் தேவை. உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்களோடு அவருடைய தாய்க்கும் சமபங்கு உண்டு. திண்ணையில் படுத்திருக்கும் பாட்டியை மறந்துவிட்டுக் கையெழுத்து வாங்கி வருகிறவர்கள் அநேகம்.

நாமினியே இல்லையென்றால்தான் தாள்கள் கூடும். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், பின்னால் சிக்கல் வந்தால் ஈடுசெய்கிறேன் என்ற பத்திரம், இவையெல்லாம் வேண்டியிருக்கும். முன்பெல்லாம் ஒவ்வொரு வங்கியும் தனக்கொரு வரம்பு வைத்துக்கொண்டு ஜாமீன்தாரரைக் கூட்டி வா என்று அலைய விடும். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. 15 லட்சம் ரூபாய் வரைக்கும், கூட்டுறவு வங்கியானால் 5 லட்சம் வரைக்கும், இந்த எளிய முறையிலேயே தர வேண்டும். தாள்கள் எல்லாம் சேர்ந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் அதற்கு வட்டியும் தர வேண்டும். ஆகவே எல்லாத் தாள்களையும் கொடுத்த நாளுக்கும் ஒரு முத்திரை வாங்கி வையுங்கள். 15 நாள் அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

முடிக்க அவசரமில்லை என்று சொன்னதற்குக் காரணம் பாஸ்புக்தான். கணக்கை மூடுவதற்கு முன்னால், குறைந்தது கடைசி ஓராண்டு வரவுசெலவை அச்சிட்டு வாங்கி, ஒரு பென்சிலோடு உட்காருங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயங்கள் அதில்தான் இருக்கும். காலாண்டுக்கு ஒருமுறை வேறொரு வங்கியிலிருந்து சிறு தொகை வருகிறதா, அங்கே ஒரு வைப்பு இருக்கிறது. ஆண்டுக்கொரு தடவை லாக்கர் வாடகை பிடிக்கப்பட்டிருக்கிறதா, சாவியைத் தேடுங்கள். ஒரு கம்பெனியின் பெயரில் இருநூறு முந்நூறு வரவு வைக்கப்பட்டிருக்கிறதா, அது பங்கு ஈவுத்தொகை.

தையல் வேலை பார்த்துவந்த ஓர் அம்மா, ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போய்விட்டார். கணக்கில் இருந்தது ஆயிரத்துச் சொச்சம். மகள் அதை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தாள். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பற்று இருந்தது. "இது என்ன பிடித்தம், திருப்பித் தருவீர்களா?" என்று கேட்டாள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான ஆண்டுப் பிரீமியம். 55 வயதுக்குள் எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். என்றோ ஒருநாள் கவுண்ட்டரில் யாரோ நீட்டிய படிவத்தில் அந்த அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார், வீட்டில் சொல்லவில்லை. அந்த உரிமைகோரலை அந்த வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். முடிந்தவரை 30 நாட்களுக்குள் அனுப்புவது நல்லது. அந்தப் பெண் ஆயிரத்தை வாங்கிக்கொண்டு கணக்கை மூடிவிட்டுப் போயிருந்தால், பிறகு யார் போய் அவளிடம் சொல்லப்போகிறார்கள்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின் இணைப்பும் எரிவாயு இணைப்பும் மூடுவதற்கல்ல, பெயர் மாற்றுவதற்கு. அப்பா பெயரிலேயே பத்து வருடம் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வீட்டை விற்கும் நாளில் அது வந்து நிற்கும். இணைய இணைப்பை நிறுத்தும்போது அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள், முன்பணத்தைக் கேளுங்கள். கிரெடிட் கார்டு இருந்தால் அந்த வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். பாக்கியை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் கேட்க முடியும். நீங்கள் ஜாமீன் போடாதவரை உங்கள் சம்பளத்தில் கை வைக்க முடியாது. வசூல்காரர் வேறுமாதிரி பேசினால் பதற வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக மூட வேண்டியது அவருடைய கைப்பேசி எண். முதல் வாரத்திலேயே அதை நிறுத்திவிடுகிறார்கள். பாலிசி புதுப்பிக்கும் தேதி, தானாகப் பிடிக்கப்படும் தவணை, வைப்பு முதிரும் செய்தி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். அதை வைத்துப் பணத்தை மாற்றாதீர்கள்; வருவதைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். நிறுத்தப்பட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிட முடியும். அதற்குள் எல்லாக் கணக்கிலிருந்தும் அந்த எண்ணை எடுத்திருக்க வேண்டும்.

என் அப்பா போனபோது அவருடைய பழைய பொத்தான் கைப்பேசியை எட்டு மாதம் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சார்ஜரில் போட்டு வைத்திருந்தேன். ஏழாவது மாதம் ஒரு செய்தி வந்தது. நாங்கள் குடியிருந்த பழைய ஊரின் கூட்டுறவு வங்கியில் அவர் போட்டிருந்த பன்னிரண்டாயிரம் ரூபாய் வைப்பு முதிர்ந்திருக்கிறதாம். மகன் வங்கி மேலாளர். அப்பா அதை என்னிடம் சொல்லவில்லை. நாமினி என் தங்கை.

வணக்கம்.