கிளாம்ப் பிடித்த பிறகே ஸ்டாம்ப்: இரண்டு சிலிண்டர் நியூமேட்டிக் சர்க்யூட்

[திரையில்: A, B சிலிண்டர்களும் இரண்டு 5/2 வால்வுகளும்]

அலுமினியத் தகட்டில் எண் குத்தும் சின்ன ஜிக் இது. A சிலிண்டர் தகட்டைப் பிடிக்கிறது, B இறங்கி எண்ணைக் குத்துகிறது. B மேலே ஏறிய பிறகுதான் A விட வேண்டும். எழுதினால் A+ B+ B- A-.

இரண்டும் டபுள் ஆக்டிங் சிலிண்டர்கள். ஒவ்வொன்றையும் ஓட்டுவது, இருபக்கமும் பைலட் காற்று வாங்கும் ஒரு 5/2 வால்வு. சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று சொல்ல ரோலர் லிமிட் வால்வுகள்: உள்ளே இருந்தால் a0, b0, வெளியே வந்துவிட்டால் a1, b1.

[திரையில்: நேரடி இணைப்பு]

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான்: ஸ்டார்ட் A+ க்கு, a1 B+ க்கு, b1 B- க்கு, b0 A- க்கு. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டார்ட்டை அழுத்தினால் எதுவும் நகராது.

ஏன்? B உள்ளேதான் நிற்கிறது, அதனால் b0 ஏற்கனவே அழுந்தியிருக்கிறது. A வால்வின் ஒரு பக்கம் b0 தள்ளுகிறது, மறுபக்கம் ஸ்டார்ட் தள்ளுகிறது. இரண்டும் ஒரே அழுத்தம் என்றால் ஸ்பூல் இருந்த இடத்திலேயே இருக்கும். b0 டியூபைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்: A போகும், B இறங்கும், ஆனால் B திரும்பாது. A இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதால் a1 விடவில்லை; அது b1 ஐ எதிர்க்கிறது.

[திரையில்: A+ B+ / B- A-]

இதற்குக் கேஸ்கேட் முறை. ஒரே எழுத்து ஒரு குழுவில் இருமுறை வராதபடி வரிசையை வெட்டுகிறோம். இரண்டு குழு, அதனால் இரண்டு காற்று லைன். எந்த லைனில் காற்று என்பதை இன்னொரு 5/2 வால்வு தீர்மானிக்கும். மற்ற லைன் வெளியே திறந்துவிடும்.

லைன் 1 நேராக A+ க்குப் போகிறது. a1, b1 இரண்டுக்கும் காற்று லைன் 1 இலிருந்துதான். a1 B+ ஐத் தருகிறது. b1 குழு வால்வை மாற்றுகிறது. மாறிய நொடியில் லைன் 1 காலி. a1 அழுந்தியே இருந்தாலும் கொடுக்க அதனிடம் காற்று இல்லை. லைன் 2 நேராக B- க்கு. b0, a0 இரண்டுக்கும் லைன் 2 காற்று: b0 A- ஐத் தரும், a0 ஸ்டார்ட் வழியாகக் குழு வால்வை லைன் 1 க்குத் திருப்பும்.

அப்புறம் ஒரு விஷயம், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். a1 சொல்வது இடத்தை மட்டும்தான், பிடியை அல்ல. 50 மில்லிமீட்டர் சிலிண்டர் 6 பாரில் சுமார் 1,180 நியூட்டன் தரும். ஆனால் ரோலர் அழுந்தும்போது அந்த விசை முழுதாக வந்திருக்காது. தகடு நழுவி எண் சாய்வாக விழுந்தால் முதல் சந்தேகம் இங்கேதான். A இன் பின்பக்க லைனில் பிரஷர் சீக்வென்ஸ் வால்வு போட்டு, 5 பாரில் செட் செய்து, a1 உடன் தொடராக இணைத்துவிடுங்கள். a1 ஐ எடுத்துவிட்டு அதை மட்டும் நம்பக் கூடாது: வெளியேறும் காற்றைக் கட்டுப்படுத்தி வேகம் குறைத்திருந்தால், A பாதி வழியில் இருக்கும்போதே பின்பக்க அழுத்தம் 5 பாரைத் தொட்டுவிடலாம்.