ஒரு முனை மட்டும் கேட்கும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலி நாடகம் எழுதிப் பழகுகிறவர்கள் எழுதியதை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. அநேகமாக எல்லா நாடகத்திலும் ஒரு தொலைபேசிக் காட்சி இருக்கும். மேடையில் என்றால் நடிகர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மறுமுனையில் பேசுகிறவரின் குரல் நமக்குக் கேட்காது. வானொலியில் அந்தக் கட்டாயம் இல்லை. தொலைபேசி வழியாக வரும் குரலில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதும் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதும் காலங்காலமாக வெட்டப்பட்டே வந்திருக்கின்றன. ஒலிப்பதிவாளர் ஒரு நடிகரின் குரலை அதேபோல் வெட்டிவிட்டால் போதும், அது மறுமுனைக் குரலாகிவிடும். இரண்டு பேரையும் கேட்க வைக்க இவ்வளவு எளிய வழி இருக்கும்போது ஒருவரை மட்டும் கேட்க வைப்பதற்குக் காரணம் வேண்டும்.

நான் கண்ட காரணம் இது. இரண்டு குரலும் கேட்டால் நேயர் தொலைபேசிக் கம்பிக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஒரு குரல் மட்டும் கேட்டால், பேசுகிறவர் இருக்கும் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அந்த வீட்டில் இருக்கும் மற்றவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதுதான் அவருக்கும் கேட்கும். அதனால்தான், அறையில் இன்னொருவர் இருந்து, அவர் அறியக்கூடாத செய்தி போனில் வருமானால், ஒரு முனைக் காட்சி அங்கே சரியாகப் பொருந்துகிறது.

என்னிடம் வரும் எழுத்துகளில் ஒரே பிழையைத்தான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். என் முதல் நாடகத்திலும் அது இருந்தது. கும்பகோணத்தில் இருக்கும் அண்ணனுக்குக் கோயம்புத்தூரில் இருந்து தம்பி போன் செய்கிறான். அப்பாவின் திதிக்கு வர முடியாது என்கிறான். அதை நான் இப்படி எழுதியிருந்தேன்: "என்ன? திதிக்கு வர முடியாதா? உன் மனைவிக்கு வருத்தமா? போன வருஷம் உன் அண்ணி ஏதோ சொல்லிவிட்டாளா? செலவுக்குப் பணம் அனுப்புகிறாயா?"

இது உரையாடலே அல்ல. தம்பியின் பேச்சுக்கு அண்ணன் வாயால் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். வீட்டில் யாராவது போனில் பேசும்போது காதைக் கொடுத்துப் பாருங்கள். எதிர்முனையில் சொன்னதை நாம் திருப்பிச் சொல்லும் இடங்கள் மிகக் குறைவு. காதில் சரியாக விழாதபோது சொல்கிறோம். முகவரியோ எண்ணோ குறித்துக்கொள்ளும்போது சொல்கிறோம். அறையில் இருக்கும் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும் என்று சில நேரம் சத்தமாகவே சொல்கிறோம். நம்ப முடியாத செய்தி வந்தாலும் சொல்கிறோம், ஆனால் முழு வாக்கியமாக அல்ல, ஒரே ஒரு சொல்லை. இவை தவிர வேறெங்கு திருப்பிச் சொன்னாலும், தனக்காகத்தான் இது சொல்லப்படுகிறது என்று நேயருக்குப் பட்டுவிடும். பட்டதும் அவர் அந்த அறையை விட்டு எழுந்துவிடுவார்.

சரி, திருப்பிச் சொல்லாமல் செய்தியை எப்படிக் கொண்டுவருவது? நான் செய்வது இதுதான். முதலில் இரண்டு பேர் பேச்சையும் முழுமையாக எழுதிவிடுவேன். கேட்காத தம்பிக்கும் அவனுக்கே உரிய பேச்சு, தயக்கம், கோபம் எல்லாம் கொடுத்து எழுதுவேன். தம்பியின் நீளமான பேச்சு இப்படி இருந்தது: "இல்லை அண்ணா, போன வருஷம் சாப்பிட உட்காரும்போது அண்ணி ஒரு வார்த்தை சொன்னார்கள். அது இவளுக்கு ஆறவே இல்லை. நான் மட்டும் வருகிறேன் என்றால் அதற்கும் அழுகிறாள். இந்த ஒரு வருஷம் விட்டுவிடுங்கள். செலவுக்கு நான் பணம் அனுப்பிவிடுகிறேன்."

இதை வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினான்கு நொடி வந்தது. ஒலிபரப்பில் பதினான்கு நொடி வெறும் மௌனம் விட்டால் நேயர் நிலையம் நின்றுவிட்டது என்றே எண்ணுவார். ஆனால் அந்தப் பேச்சைச் சுருக்கவும் கூடாது. அவ்வளவு சொல்லித்தான் அண்ணன் மனம் மாறுகிறது. இரண்டு நொடியில் மனம் மாறினால் அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

இங்கே நமக்குக் கைகொடுப்பது "ம்" என்ற ஒலி. கதை சொல்லும்போது உம் கொட்டாத பிள்ளைக்குப் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். போனிலும் அப்படித்தான். நம் பேச்சு மறுமுனையில் விழுகிறது என்பதற்கு அத்தாட்சி அந்த "ம்" ஒன்றுதான். தம்பி பேசத் தொடங்கும்போது அண்ணன் "ம்" என்கிறார். "ஆறவே இல்லை" என்ற இடத்தில் இன்னொரு "ம்", முந்தையதை விடத் தாழ்ந்து. "அழுகிறாள்" என்ற இடத்தில் "ம்" வர வேண்டும், வரவில்லை. பேச்சு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்பதும், நடுவில் ஏதோ விழுந்துவிட்டது என்பதும் ஒரே சமயத்தில் நேயருக்குப் புரிந்துவிடுகின்றன. நடிகரின் கையில் கொடுக்கும் பிரதியில் தம்பியின் வரிகளையும் அடைப்புக்குள் எழுதியே கொடுக்கிறேன். அவர் அதை மனதுக்குள் படித்துக்கொண்டே உம் கொட்ட வேண்டும். "சிறிது மௌனம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு மௌனமும் ஒரே நீளத்தில் வரும். அண்ணன் யாருடனும் பேசவில்லை என்பதை அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மறுமுனையில் இருப்பது யார் என்பதைச் சொல்லத் தமிழில் நமக்குப் பெரும் வசதி உண்டு. "சொல்லுங்கள் அத்தை" என்ற இரண்டு சொல் போதும். பெயர் வேண்டியதில்லை. முன்னிலையில் பேசும்போது நம் மொழி ஆணா பெண்ணா என்று காட்டுவதில்லை. "வருகிறாயா" என்றால் யாராகவும் இருக்கலாம். படர்க்கைக்குப் போனால், "வந்தார்" என்று மரியாதையாகச் சொன்னாலொழிய மறைக்க முடியாது. "வந்தான்", "வந்தாள்" என்று வினைமுற்றே சொல்லிவிடும். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் எதையாவது மறைத்துப் பேசும் பாத்திரம் படர்க்கையைத் தவிர்க்கப் படும் பாடே தமிழில் எழுதக்கூடிய ஒரு நாடகம். இந்தக் காட்சியில் எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சொற்றொடர்தான்: "உன் அண்ணி." பேசுகிறவர் அண்ணன், கேட்பவன் தம்பி, பேச்சு அண்ணனின் மனைவியைப் பற்றியது, மூன்றும் அதில் வந்துவிட்டன.

பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் காக்தோ 1930-ல் பாரிஸில் அரங்கேற்றிய 'மனிதக் குரல்' என்ற நாடகம் முழுவதுமே ஒரு பெண் போனில் பேசுவதுதான். அவளைப் பிரிந்துபோகும் காதலன் மறுமுனையில். வீட்டிலிருந்து பேசுவதாக அவன் சொல்லியிருக்கிறான். நடுவில் தொடர்பு அறுந்துவிடுகிறது. அவளே அவன் வீட்டு எண்ணை அழைக்கிறாள், வேலைக்காரன் எடுக்கிறான், ஐயா வீட்டில் இல்லை என்கிறான். அவன் பொய்யை நமக்கு யாரும் விளக்கவில்லை. முதல் அழைப்பில் கேட்டதையும் இரண்டாவது அழைப்பில் கேட்டதையும் நாமே சேர்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறோம். கேட்கிறவரிடம் அந்த வேலையை விட்டுவைக்க வேண்டும் என்பதை நான் அந்த நாடகத்தில்தான் கற்றேன்.

என் காட்சியில் அண்ணனின் மனைவி சமையலறையில் மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருக்கிறாள். மிக்ஸி ஓடும்வரை அவளுக்கு எதுவும் கேட்காது. அந்த ஓசையை ஒலிப்பதிவாளர் தள்ளி, கதவுக்கு அப்பால் வைக்க வேண்டும். அண்ணனின் சொற்களை அது மூடக்கூடாது. இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. அண்ணன் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் பின்னால் ஒரு வீடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் மௌனம் வெற்றிடமாகப் படவில்லை. இப்போது அந்தக் காட்சியைப் படிக்கிறேன். எழுத்துத் தமிழில்தான் படிக்கிறேன். நடிப்பவர் தஞ்சை வட்டாரப் பேச்சில் சொல்வார்.

மிக்ஸி ஓடுகிறது. போன் மணி. அண்ணன் எடுக்கிறார்.

"சொல்லுப்பா." சற்று மௌனம். "ஆயிற்று. நீ சாப்பிட்டாயா?" மௌனம். "வியாழக்கிழமைதான். ஐயரிடம் சொல்லிவிட்டேன், எட்டு மணிக்கு வந்துவிடுவார்." மௌனம். "ராத்திரி பஸ்ஸில் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாமே." மௌனம். "ம்." மௌனம். "ம்." நீண்ட மௌனம். மிக்ஸி மட்டும் கேட்கிறது. பிறகு குரலைத் தாழ்த்தி: "உன் அண்ணி மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லையப்பா." மௌனம். "பணம் யார் கேட்டது?"

மிக்ஸி நிற்கிறது.

"ஆமாம், இங்கேயும் மழைதான்."

இந்தக் கடைசி வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. முதலில், "அவள் வருகிறாள், பிறகு பேசுகிறேன்" என்று எழுதியிருந்தேன். அது பழைய கதைதான், நேயருக்கு உரக்கச் சொல்வது. மிக்ஸி நின்றதை நேயர் கேட்டுவிட்டார். மழையைப் பற்றித் தம்பி எதுவும் கேட்டிருக்க மாட்டான் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த வரி தம்பிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவர் எண்ணிப் பார்க்க ஒரு நொடி வேண்டும். ஆகவே அதற்குப் பின் ஒரு மௌனம் விட்டேன். அதில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

பிறகு அண்ணன் சொல்கிறார்: "சரி, வைக்கட்டுமா?" போனை வைக்கிறார். மனைவி சமையலறை வாசலில் இருந்து, "யார், தம்பியா?" என்கிறாள். "ஆமாம்." இங்கே அவளை, "வருகிறார்களாமா?" என்று கேட்க வைத்திருந்தேன். அப்படிக் கேட்டால் அண்ணன் உண்மை சொல்ல வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும். இரண்டுமே அவருக்குப் பொருந்தவில்லை. திதிக்கு முன்னால் ஒரு வீட்டில் என்ன கேட்பார்கள் என்று யோசித்தேன். எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பதைத்தான் கேட்பார்கள், அதையும் இலைக் கணக்கில்.

அவள் கேட்கிறாள்: "எத்தனை இலை வாங்கிவரச் சொல்லட்டும்?"

அண்ணன் உடனே பதில் சொல்வதில்லை. தம்பி பேசியபோது விட்ட நீண்ட மௌனத்தின் அதே அளவு இங்கேயும் விட வேண்டும் என்று பிரதியில் எழுதியிருக்கிறேன். பின்னால் மின்விசிறி ஓடுகிறது. பிறகு, "வழக்கம் போல" என்கிறார்.

வணக்கம்.