வாடகை கொடுத்தது யார்?

அவையோர்க்கு வணக்கம். வேலைக்காகத் தில்லிக்குச் செல்லும் நம்மவர், இந்தியில் ஆண் பேசினால் வினை ‘ஆ’ என்றும், பெண் பேசினால் ‘ஈ’ என்றும் முடியும் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டு விடுகிறார்கள். தமிழில் ‘அவன் கொடுத்தான், அவள் கொடுத்தாள்’ என்று படர்க்கையில் மட்டும் ஆண்பாலும் பெண்பாலும் காட்டும் நமக்கு, ‘நான்’ என்று சொல்லும்போதும் வினையில் பால் தெரிய வேண்டும் என்பது புதிதுதான். ஆனாலும் அது பழகிவிடும். நான் இன்று பேச வந்தது, அந்த விதி நன்றாகப் பழகிய பிறகு வருகிற குழப்பத்தைப் பற்றி.

நான் தில்லியில் குடியேறிய முதல் ஆண்டில், என் மனைவி வீட்டுக்காரம்மாவிடம் ‘மைன் கிராயா தூங்கி’, அதாவது ‘நான் வாடகை தருவேன்’ என்று சொன்னாள். (தமிழ் எழுத்தில் எழுதினால் இதற்கும் தூக்கத்துக்கும் தொடர்பு இருப்பதுபோலத் தெரியும், ஒலிப்பில் அது ‘த’கரத்தின் மெலிந்த ஒலி.) பெண் பேசுவதால் ‘தூங்கி’ வந்தது, நான் சொல்லியிருந்தால் ‘தூங்கா’ வந்திருக்கும். மறுநாள் பணத்தைக் கொடுத்துவிட்டு அதே துணிச்சலில் ‘மைனே கிராயா தீ’ என்றாள். அந்த அம்மா புன்னகையோடு, ‘ஹாம், கிராயா தியா’ என்று திருப்பிச் சொன்னார். சில நாள் கழித்து மாற்றுச் சாவியை ஒப்படைத்த நான், ஆண்பிள்ளை என்ற உரிமையில் ‘மைனே சாபி தியா’ என்றேன். அதற்கு அவர், ‘சாபி தீ’ என்றார். மனைவிக்கு ‘தியா’, எனக்குத் ‘தீ’! எங்கள் இருவரையும் கேலி செய்கிறார் என்றே அன்று நினைத்தேன்.

உண்மையில் அவர் இலக்கணத்தை மட்டுமே திருத்தினார். செயப்படுபொருள் குன்றாவினை, முடிந்துபோன செயலைக் குறிக்கும்போது, எழுவாயோடு ‘னே’ என்னும் உருபு ஒட்டிக்கொள்கிறது. அது ஒட்டியவுடன் எழுவாய்க்கும் வினைக்கும் இருந்த இயைபு அறுந்து, வினை செயப்படுபொருளின் பாலைப் பற்றிக்கொள்கிறது. கிராயா ஆண்பால் ஆகையால் கொடுத்தவர் யாராயினும் ‘தியா’. சாபி பெண்பால் ஆகையால் கொடுத்தவர் யாராயினும் ‘தீ’. எதிர்காலத்துக்கோ வழக்கமாக நடப்பதைச் சொல்வதற்கோ இந்த ‘னே’ வருவதில்லை. அதனால்தான் நேற்று ‘தூங்கி’ என்று சரியாகச் சொன்னவள் இன்று தவறினாள்.

இதன் வேர் சமஸ்கிருதத்தில் இருக்கிறது. இறந்தகாலச் செயலைச் சொல்ல, வினைமுற்றுக்குப் பதிலாக, ‘என்னால் கொடுக்கப்பட்டது’ என்னும் பொருளுடைய எச்ச வடிவம் அங்கே பெருகி வழங்கிற்று. அது கொடுக்கப்பட்ட பொருளோடு இயைந்தது. அந்த இயைபே இன்றைய இந்தியில் தங்கிவிட்டது. ஆனால் இன்றைய பேச்சில் அது செயப்பாட்டு வினை அன்று. ‘நான் கொடுத்தேன்’ என்ற நேர்ப்பொருளே தருகிறது. நமக்கும் இது முற்றிலும் அயலானதன்று: ‘எனக்குப் பசிக்கிறது’ என்னும்போது வினை ‘எனக்கு’ என்பதைத் திரும்பிப் பார்ப்பதில்லையே.

செயப்படுபொருளும் ‘கோ’ என்னும் உருபை ஏற்றுவிட்டால், வினைக்குப் பற்றிக்கொள்ள எவரும் இல்லாமல் ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும். மகளை அழைத்த தாயும் ‘மைனே பேட்டீ கோ புலாயா’ என்றுதான் சொல்வாள். அழைத்தவளும் பெண், அழைக்கப்பட்டவளும் பெண், வினை மட்டும் ஆண்பால். இது தவறென்று எண்ணித் திருத்தப் போகாதீர்கள்.

பொருள்களின் பாலை எப்படி அறிவது என்று கேட்பீர்கள். ஈற்றெழுத்தை முழுதும் நம்ப முடியாது. ‘பானீ’ ஈயில் முடிந்தும் ஆண்பால், ‘சாய்’ பெண்பால். ஆகையால் தண்ணீர் குடித்தவர் ‘பியா’ என்றும் தேநீர் குடித்தவர் ‘பீ’ என்றும் சொல்ல வேண்டும். பெயரைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், ‘மேரீ சாபி’, ‘மேரா கிராயா’ என்று ‘என்’ என்ற சொல்லோடு சேர்த்தே காதில் வாங்குவது எனக்குப் பயன்பட்டது. பேசுகிறவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் கவனியுங்கள். கிழக்கு உத்தரப் பிரதேசத்தாரும் பீகாரிகளும் பேச்சில் பெரும்பாலும் ‘னே’யை விட்டுவிடுவார்கள், அவர்களிடம் கேட்டுக் கற்றால் இந்த விதியே கண்ணில் படாது.

சில வினைகள் செயப்படுபொருளை ஏற்றாலும் ‘னே’யை ஏற்பதில்லை. ‘லானா’, கொண்டுவருதல், அப்படிப்பட்டது. ஆகவே அடுத்த மாதம் வாடகையோடு வாசலில் நின்ற என் மனைவி ‘மைன் கிராயா லாயீ’ என்று தனக்குரிய ஈகாரத்தோடு சொன்னாள். உறையைக் கையில் கொடுத்த பின்போ, ‘மைனே கிராயா தியா’ என்றாள். அந்த அம்மா இம்முறை எதையும் திருப்பிச் சொல்லவில்லை. பணத்தை எண்ணத் தொடங்கினார்.