கதவு மூன்று முறை திறக்கிறது

நடுவர் கேட்ட கேள்வி: “மாஸ் படத்துல ஹீரோ என்ட்ரி, இன்டர்வல் பிளாக், க்ளைமாக்ஸ் ஃபைட் மூணும் படத்துக்குப் படம் அதே இடத்துல வந்து நிக்குதே, அதுக்குக் காரணம் நம்ம கதை மரபா, சினிமா கொட்டகையா?”

நடுவர் ஐயாவுக்கும், தைப் பனியில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம். நான் கொட்டகை அணி. என் தாய்மாமா கடலூர் ஓ.டி.யில் ஒரு கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். கார்பன் குச்சி எரிகிற அந்த அறையில்தான் என் பள்ளிக்கூட லீவெல்லாம் கழிந்தது. மேலே இருக்கிற அந்தச் சின்ன ஓட்டை வழியாக நான் படத்தைப் பார்த்ததைவிடக் கீழே இருந்த கூட்டத்தைப் பார்த்ததுதான் அதிகம். அங்கே பார்த்தது ஒன்றுதான்: ஒரு காட்சிக்குக் கொட்டகைக் கதவு மூன்று முறை திறக்கும். ஜனங்கள் உள்ளே வரும்போது, நடுவில் வெளியே போகும்போது, கடைசியில் வீட்டுக்குக் கிளம்பும்போது. நீங்கள் கேட்ட மூன்றும் அந்த மூன்று நேரத்தில்தான் நிற்கின்றன.

முதல் கதவைப் பாருங்கள். எதிரணியில் பேசிய அக்கா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போனபோது பார்க்கிங்கிலேயே கால் மணி நேரம் நிற்கவைத்துவிட்டார்கள் என்று ரொம்ப வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம்தான். ஆனால் அது தலைப்புக்கு வெளியே போய்விட்டதாக அவரே நினைத்து உட்கார்ந்துவிட்டார், எனக்கோ அதுதான் சாட்சி. முதல் பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் டார்ச் வெளிச்சத்தில் சீட் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பது எழுதுகிறவருக்குத் தெரியும். அதனால் முதலில் ஊருக்கு ஒரு பிரச்சினையைக் காட்டுகிறார், வில்லன் ஆளை விட்டு யாரையாவது அடிக்கவைக்கிறார், எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஹீரோவைக் கொண்டுவருகிறார். அப்போதும் முகத்தைக் காட்டிவிட மாட்டார். செருப்பு, கை, முதுகு, அப்புறம்தான் முகம். முகம் வந்ததும் விசில் காதைப் பிளக்கும் என்பதால் அடுத்த அரை நிமிஷம் வசனமே வைக்காமல் மெதுவாக நடக்கவிட்டு, பின்னணி இசையை மட்டும் ஓட்டுவார்கள். அந்த இடத்தில் கதைக்கு வேண்டிய ஒரு வரியை வைத்துவிட்ட படத்தை முதல் நாள் பார்த்தவரிடம் கேளுங்கள், இடைவேளை வரைக்கும் அவருக்குக் கதையே பிடிபட்டிருக்காது.

“ரசிகர் மன்றத்துக்காகத்தான் என்ட்ரி வைக்கிறாங்க” என்று எதிரணித் தம்பி சொன்னார். பாதி சரி. பாலாபிஷேகம் செய்கிற பையனுக்காகத்தான் அந்தக் காட்சியைப் பெரிதாக எடுக்கிறார்கள். ஆனால் இடைவேளைக்கு முன்னால் திருப்பம் வேண்டும் என்று எந்த மன்றமும் மனுக் கொடுத்ததில்லையே, அது எங்கிருந்து வந்தது?

அதற்கு மாமா ரூமுக்குத்தான் போக வேண்டும். 2000 அடி ரீல் ஒன்று 22 நிமிஷம் ஓடும், படத்துக்கு ஏழெட்டு ரீல். தமிழ்ப் படம் என்றால் இடைவேளை எங்கே என்று இயக்குநரே கார்டு போட்டு அனுப்பியிருப்பார். இங்கிலீஷ் படத்தில் அது கிடையாது. மொத்த ரீலில் பாதி ஓடி முடிகிற இடம் பார்த்து மாமாவே லைட்டைப் போடுவார், ஒருத்தன் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்தபடி படம் நிற்கும், ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே முறுக்கு வாங்கப் போவார்கள். அந்தப் படங்களிலும் ஹீரோவுக்கு என்ட்ரி உண்டு, கடைசியில் பெரிய சண்டை உண்டு, இன்டர்வல் பிளாக் மட்டும் கிடையாது. கொட்டகையில் படத்தை நடுவில் நிறுத்தாத ஊரில் எழுதிய கதை அது, அவ்வளவுதான்.

எழுந்து வெளியே போகிற ஆளைத் திரும்ப உள்ளே கொண்டுவருவதுதான் இன்டர்வல் பிளாக்கின் வேலை. 1995 பொங்கலுக்கு வந்த ‘பாட்ஷா’வை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே பார்க்காதவர் யாரும் இல்லை. ஆயுதபூஜைப் பாட்டோடு வருகிற மாணிக்கம் முதல் பாதி முழுக்க அடங்கியே போகிறார். தம்பிக்கு விழ வேண்டிய அடியைக் கம்பத்தில் கட்டிவைத்து இவருக்குக் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்கிறார். கொட்டகையில் பார்க்கிறவனுக்குக் கை துறுதுறுவென்று இருக்கும். அப்புறம் அந்த ரவுடி இவர் தங்கச்சி மேல் கை வைக்கிறான், அங்கேதான் உடைகிறது. இத்தனை நேரம் பூட்டி வைத்ததெல்லாம் அந்தச் சண்டையில் வெளியே வந்துவிடுகிறது, ஆனால் இவர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. பம்பாயில் என்ன நடந்தது என்று தம்பி கேட்கிறான், கூட்டமும் அதையேதான் கேட்கிறது. ஆத்திரம் தீர்ந்துவிட்டது, கேள்வி தீரவில்லை. அந்தக் கேள்வியை வாயில் வைத்துக்கொண்டே டீ குடித்துவிட்டு ஓடி வருகிறார்கள்.

இது சரியாக விழாத படத்தில் என்ன ஆகும் என்று கேன்டீன்காரரைக் கேளுங்கள். திருப்பம் வெறும் அதிர்ச்சியாக நின்று, ஹீரோ அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இல்லாமல் போயிருந்தால், மணி அடித்த பிறகும் ஆட்கள் பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டு போன் பார்த்தபடி நிற்பார்கள். திருப்பம் சரியாக விழுந்த படத்துக்கு மீதிச் சில்லறைகூட வாங்காமல் போவார்கள்.

இப்போது எதிரணித் தலைவர் ஐயா வைத்த வாதம். ஐயா தெருக்கூத்தை உட்கார்ந்து படித்தவர், அவர் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனசு வராது. சினிமாவே வராத காலத்தில் நம் தென்னாற்காட்டில் இரண்டு பேர் திரை பிடிக்க, அதற்குப் பின்னால் நின்று பாடி ஆடி, கடைசியில்தான் துரியோதனன் முகம் காட்டினான், பாரதக் கூத்து அவன் விழுகிற படுகளத்தில்தான் முடிந்தது, அப்போது கொட்டகை எங்கே இருந்தது என்று கேட்டார். என்ட்ரி கூத்திலிருந்து வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன் ஐயா. அங்கேயும் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து இடம் தேடுகிற கூட்டம்தான், அதனால் அங்கேயும் அது தேவைப்பட்டது. ஆனால் விடிய விடிய நடக்கிற கூத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து போகிற இடைவேளை ஏது? டீ வேண்டுமென்றால் அவரவர் போய்க் குடித்துவிட்டு வருவார்கள். அதனால் ராத்திரியை இரண்டாக வெட்டுகிற திருப்பமும் கூத்தில் இல்லை. படுகளத்துக்கு மட்டும் என்னிடம் முழு பதில் இல்லை. எதிரி விழுவதைக் கண்ணால் பார்த்தால்தான் கூட்டம் கலையும் என்பது கொட்டகையைவிடப் பழசாகவே இருக்கலாம்.

ஆனால் அந்தச் சண்டை ஏன் கடைசிக் கடைசியில், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லாமல் நிற்கிறது என்பதற்கு மூன்றாவது கதவு பதில் சொல்லும். 2019இல் ‘கைதி’ வந்தது, பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. அத்தனையையும் கழற்றிப் போட்டவர்கள் கடைசித் துப்பாக்கிச் சண்டையைக் கழற்றவில்லை. செகண்ட் ஷோ பார்க்கிறவனுக்குப் படம் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போதே வீட்டு நினைப்பு வந்துவிடும். முன்பெல்லாம் பண்ருட்டி பக்கமிருந்து வந்தவர்கள் வண்டி கிடைக்குமா என்று அந்த நேரத்தில்தான் சீட் நுனிக்கு வருவார்கள். பேச்சால் அவர்களை உட்காரவைக்க முடியாது. மோதல் நடந்தால் இருப்பார்கள். வில்லன் விழுந்த அடுத்த நொடி எழுந்துவிடுவார்கள், அதன் பிறகு ஹீரோ எவ்வளவு நல்ல கருத்துச் சொன்னாலும் நாற்காலி மடங்குகிற சத்தம்தான் கேட்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் சண்டைக்கு முன்னாலேயே, ஹீரோ அடிபட்டுக் கிடக்கும்போது சொல்லிவிடுகிறார்கள்.

மாமாவுக்குக் கடைசி ரீலின் சத்தம் அத்துப்படி. வில்லனுக்குக் கடைசி அடி விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், கீழே கேட்கீப்பருக்கு மணி அடிப்பார். அந்த மனிதர் தாழ்ப்பாளில் கை வைத்து நிற்பார். அடி விழும், கதவு திறக்கும், வணக்கம் கார்டு வருவதற்குள் வாசல் நிறைந்துவிடும்.