கனடாவுக்குப் போகும் அம்மாவின் கைப்பையில் இருக்க வேண்டியவை

வணக்கம் நேயர்களே. பிறப்பு, விவாகச் சான்றிதழ்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் நான். யாழ்ப்பாணத்தில் என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் போகிற அம்மா அப்பாமார். விசா குத்தின கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் பத்திர வேலை முடிந்தது என்று நினைத்து, ஃபைலை அப்படியே அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். சிலர் அதைப் பெரிய பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். அந்த ஃபைல் எங்கே இருக்க வேண்டும், அங்கே இறங்கியதும் என்ன கேட்பார்கள் என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன். நாடுகள் பல என்பதால், நம்மவர் அதிகமாகப் போகிற கனடாவை, அதிலும் பெற்றோருக்கான சூப்பர் விசாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று. விசா இருந்தால் விமானத்தில் ஏறலாம், அந்த நாட்டின் வாசல் வரை போகலாம். உள்ளே விடுவதா, எத்தனை காலத்துக்கு விடுவது என்பதை ரொறன்ரோ விமான நிலையத்தில் இருக்கிற எல்லை அதிகாரி அந்த இடத்தில்தான் தீர்மானிக்கிறார். நீங்கள் அவருக்கு முன்னால் நிற்கும்போது பெரிய பெட்டி உங்களிடம் இருக்காது. குடிவரவு முடிந்த பிறகுதான் பெட்டி எடுக்கிற பட்டிக்குப் போக முடியும். இங்கிருந்து ரொறன்ரோவுக்கு நேர் விமானம் இல்லை. டோகாவிலோ டுபாயிலோ மாறித்தான் போகிறோம். மாறுகிற இடத்தில் பெட்டி பின்தங்கி, அடுத்த நாள் வருவதும் உண்டு. ஆகவே அதிகாரிக்குக் காட்ட வேண்டிய எதையும் பெட்டிக்குள் வைத்தால் அது இல்லாததற்குச் சமம்.

இனி கோப்பாயில் இருக்கிற ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 68, ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவர் இல்லை. மகள் ஸ்காபரோவில் இருக்கிறா, கனடியக் குடியுரிமை பெற்றவ. இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க விளங்கும், விரைவாகக் கதைத்தால் விளங்காது.

அதிகாரி கேட்கிற கேள்விகள் எளிமையானவை. ஏன் வந்தீர்கள், யாரோடு இருக்கப் போகிறீர்கள், எவ்வளவு காலம், செலவு யார் பார்ப்பார்கள், ஊரில் யார் இருக்கிறார்கள், எப்போது திரும்பிப் போவீர்கள். இவை எல்லாவற்றுக்கும் விண்ணப்பத்தில் ஏற்கெனவே பதில் எழுதியிருக்கிறீர்கள். கணினியில் அது அவர் முன்னால் இருக்கலாம். சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். விண்ணப்பத்தை நிரப்பியது மகள், அல்லது ஒரு முகவர் நிலையம். அம்மா அதை வாசித்ததே இல்லை. அதில் ஒரு வருடம் என்று எழுதியிருக்க, அம்மா 'மூன்று மாதம்' என்கிறா. முன்பு ஒருமுறை விசா மறுக்கப்பட்டதை அதில் எழுதியிருக்க, அம்மா 'இல்லை' என்கிறா. பொய் சொல்லும் எண்ணம் அவவுக்குத் துளியும் இல்லை, ஆனால் அதிகாரிக்குத் தெரிவது இரண்டு வேறு பதில்கள். உண்மைக்கு மாறான தகவல் கொடுத்தார் என்று கனடாவின் குடிவரவுச் சட்டப்படி முடிவானால் 5 வருடத்துக்கு அந்த நாட்டுக்குள் போக முடியாது. ஆகவே விண்ணப்பத்தின் ஒரு பிரதியை மகளிடம் கேட்டு வாங்குங்கள். புறப்படுவதற்கு முதல் வாரம் யாராவது தமிழில் வாசித்துக் காட்டட்டும். பிரதி கைப்பையில் வரட்டும்.

குழந்தை பார்க்கிற கேள்வியைப் பற்றிப் பலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். 'பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னால், வேலைக்கு வந்தவள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம்' என்கிறார்கள். மகளைப் பார்க்க வந்த தாய், சம்பளம் இல்லாமல் குழந்தை பராமரிப்பில் கைகொடுப்பதை வேலையாகக் கொள்வதில்லை என்று கனடிய அதிகாரிகளுக்கான வழிகாட்டலிலேயே உதாரணமாகச் சொல்லியிருக்கிறது. வந்த காரணம் மகளையும் பேரப்பிள்ளைகளையும் கண்டு, அவர்களோடு கொஞ்சக் காலம் இருப்பது. குழந்தையைப் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டால் 'ஓம், மகளுக்கு உதவியாக, காசு வாங்குவதில்லை' என்று உள்ளதைச் சொல்லலாம். இதை மறைக்கப் போய்த் தடுமாறுவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் காசுக்குப் பார்ப்பது வேறு விஷயம். அதற்கு வேலை அனுமதி வேண்டும்.

இதைவிட ஆபத்தானது, விளங்காத கேள்விக்கு மரியாதைக்காக 'யேஸ்' சொல்வது. எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இந்தப் பழக்கம் நிறைய. எதிரே இருப்பவர் சீருடையில் இருந்தால் இன்னும் கூட. 'நீங்கள் இங்கே வேலை செய்யப் போகிறீர்களா' என்ற கேள்விக்கும் 'யேஸ்' வந்துவிடும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், தொலைபேசி மூலமாகக்கூட ஒழுங்கு செய்வார்கள். 'டமில் இன்ரர்ப்ரிற்றர், ப்ளீஸ்.' இந்த மூன்று சொல்லையும் வீட்டில் நாலு தரம் சொல்லிப் பாருங்கள். சக்கர நாற்காலி கேட்டுப் போகிறவர்களுக்கும் ஒரு சொல்: தள்ளிக்கொண்டு வருகிறவர் நல்ல மனதோடு உங்களுக்காகப் பதில் சொல்ல முற்படலாம். உங்கள் பதிலை நீங்களே சொல்லுங்கள். கைப்பையும் உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

சரி, பைக்குள் என்னென்ன? கடவுச்சீட்டு. விசா பழைய கடவுச்சீட்டில் இருந்தால் அதுவும் சேர்த்து. மகள் எழுதிய அழைப்புக் கடிதம், மகளின் குடியுரிமைச் சான்றின் அல்லது கடவுச்சீட்டின் பிரதி, திரும்பி வருகிற ரிக்கற் எடுத்திருந்தால் அதன் பிரதி. இவற்றை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மறக்கிறவை இரண்டு.

ஒன்று காப்புறுதி. சூப்பர் விசாவில் வருகிறவருக்குக் குறைந்தது 100,000 கனடிய டொலர் பெறுமதியான மருத்துவக் காப்புறுதி, உள்ளே நுழைகிற நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடத்துக்கு இருக்க வேண்டும். விசாவுக்குக் கொடுத்தாயிற்று என்று விட்டுவிட முடியாது. ஒவ்வொரு தடவை நுழையும்போதும் எல்லையில் கேட்டால் காட்ட வேண்டும். விலை கேட்டு வாங்கிய வெறும் மதிப்பீட்டுத் தாள் போதாது. காசு கட்டியதற்கான ஆதாரமும் வேண்டும். பிழை நடப்பது திகதியில். கோப்பாய் அம்மாவின் காப்புறுதி மே 1 இல் தொடங்குகிறது என்று வையுங்கள். மகள் பயணத்தை ஜூன் 10 க்கு மாற்றிவிட்டா. இப்போது அம்மா இறங்குகிற நாளில், மிச்சமிருப்பது பதினொரு மாதத்துக்கும் குறைவு. ஒரு வருடம் இல்லை. தீர்வு சுலபமானதுதான்: பயணத் திகதி மாறிய அன்றே மகள் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லி, தொடங்கும் திகதியை மாற்றி, புதிய தாளை அனுப்ப வேண்டும். அம்மா பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். பழையதும் புதியதும் ஒரே உறையில் இருந்தால் அவசரத்தில் பழையதுதான் கைக்கு வரும்.

மற்றது, உறவைக் காட்டுகிற பத்திரம். இது எங்கள் ஆட்களுக்கே உரிய சிக்கல். எங்களிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. அம்மாவின் கடவுச்சீட்டில் அவவின் பெயரோடு கணவரின் பெயர் இருக்கிறது. மகள் கலியாணம் முடித்து, கனடாவில் தன் கணவரின் பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருக்கிறா. இரண்டு கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வெளிநாட்டு அதிகாரிக்கு, இருவருக்கும் பொதுவான ஒரு எழுத்தும் கண்ணில் படாது. மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் இருக்கிறது. மகளின் விவாகச் சான்றிதழ் அந்தப் பெயரைப் புதிய பெயரோடு இணைக்கிறது. இந்த இரண்டும், ஆங்கில மொழிபெயர்ப்போடு, போட்டோக்கொப்பியாவது பையில் இருக்க வேண்டும். தாயின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் கடவுச்சீட்டில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால், விசாவுக்குக் கொடுத்த விளக்கக் கடிதத்தின் பிரதியையும் சேர்த்து வையுங்கள்.

இவற்றோடு ஒரு தாளில் மகளின் வீட்டு முகவரியையும் இரண்டு ரெலிபோன் இலக்கங்களையும் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். போனில் சேமித்திருக்கிறது என்று நம்ப வேண்டாம். இருபது மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்த போனில் சார்ஜ் இருக்காது. வாசிக்கிற கண்ணாடியும் பையில் இருக்கட்டும். அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், காட்டுகிற தாளை நீங்களே வாசிக்க முடியாது. நீரிழிவு, பிரஷர் மருந்துகளை அவற்றின் சொந்தப் பெட்டிகளிலேயே, வைத்தியரின் துண்டோடு, பெரிய பெட்டி பிந்தினாலும் சமாளிக்கிற அளவுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

சிலரை முதல் மேசையிலிருந்து இன்னொரு பகுதிக்கு அனுப்பிக் கதிரையில் இருத்திவைப்பார்கள். அது கைது அல்ல. கொஞ்சம் ஆறுதலாக விசாரிக்க வேண்டும் என்பதுதான். சில வேளை வெளியே காத்து நிற்கிற மகளுக்கு அதிகாரி போன் எடுப்பார். அந்த நேரத்தில் அவ தெரியாத இலக்கம் என்று எடுக்காமல் விடக் கூடாது. இதை மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உங்கள் பெட்டியில் மிளகாய்த்தூள், கருவாடு, பலகாரம் இருந்தால் உணவு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொன்ன பொருளை ஆகக் கூடினால் எடுத்துக்கொள்வார்கள். மறைத்துப் பிடிபட்டால் தண்டப்பணம். இறைச்சி வகை எதையும் கொண்டுபோகவே வேண்டாம். 10,000 கனடிய டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட பணம் கையில் இருந்தால் அதையும் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

மேசையை விட்டு நகர முதல் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள். விசாவில் அச்சிட்டிருக்கிற முடிவுத் திகதி, எந்த நாள் வரை உள்ளே நுழையலாம் என்பது. எந்த நாள் வரை தங்கலாம் என்பது வேறு. 2022 ஜூலை 4 இலிருந்து சூப்பர் விசாவில் ஒரு தடவையில் 5 வருடம் வரை தங்க அனுமதிக்கலாம். அதிகாரி அதைவிடக் குறைத்து ஒரு திகதி எழுதினால் அந்தத் திகதிதான் செல்லும். சாதாரண வருகையாளருக்குத் திகதி எதுவும் எழுதாவிட்டால் 6 மாதம் என்பது பொது விதி. சூப்பர் விசாவில் வந்த உங்களுக்கு முத்திரை இல்லாமலோ, திகதி இல்லாமலோ கடவுச்சீட்டு திரும்பி வந்தால், தாங்கள் சூப்பர் விசாவில் வந்ததைச் சொல்லி, எந்த நாள் வரை தங்கலாம் என்று எழுதித் தரும்படி அந்த இடத்திலேயே கேளுங்கள். வெளியே வந்த பிறகு இதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருக்கும். அந்தத் திகதியை மகள் தன் கலண்டரில் குறித்துக்கொள்ளட்டும். இன்னும் தங்க விரும்பினால், அந்தத் திகதிக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக நீடிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.