வேர்ச்சொல் பிடிபட்டால்

வணக்கம் நேயர்களே. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறவர்களோடு இன்று பேச வந்திருக்கிறேன். அந்தத் தேர்வில் தமிழுக்கு 100 கேள்விகள், 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் தமிழை நாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

இலக்கணப் பகுதியில் எங்கிருந்து தொடங்குவது என்று பலர் கேட்கிறார்கள். வேர்ச்சொல்லிலிருந்து தொடங்குங்கள் என்பேன். வினைமுற்று, வினையெச்சம், தொழிற்பெயர், வினையாலணையும் பெயர் என்று வரும் கேள்விகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

'கற்றான்' என்பதன் வேர்ச்சொல் எது? விடைகளில் கற்று, கற்ற, கற், கல் என்று நான்கு இருக்கும். அவசரத்தில் 'கற்று' என்று குறித்துவிடுவார்கள். வேர்ச்சொல் ஏவலாக நிற்கும், அதாவது 'நீ' என்பதோடு சேர்த்துக் கட்டளையாகச் சொல்ல முடியும். 'நீ கல்' என்பது நிற்கும், 'நீ கற்று' நிற்காது. பவணந்தி முனிவர் நன்னூலில் நட, வா, மடி என்று 23 சொற்களை வாய்பாடாக அடுக்கித் தருவது இந்த ஏவல் வடிவத்தைத்தான். பேச்சு வழக்கு இங்கே கொஞ்சம் இடறும். நில்லு, கேளு என்று உகரம் சேர்த்துப் பேசுகிறோம். அந்த உகரத்தை எடுத்துவிட்டால் நில், கேள் கிடைத்துவிடும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. கற்றான், பெற்றான் இரண்டும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கின்றன. ஆனால் ஒன்றுக்கு வேர் கல், மற்றதற்குப் பெறு. இதைப் பிரித்தறிய, சொல்லை எதிர்காலத்தில் வைத்துப் பாருங்கள். பெறுவான் என்னும்போது 'பெறு' அப்படியே வெளியே தெரிகிறது. கற்பான், விற்பான், நிற்பான் என்று 'ற்ப்' வந்தால் உள்ளே இருப்பது லகர ஒற்று: கல், வில், நில். இதே மாதிரிதான் சுட்டான், கேட்டான். சுடுவான் என்பதில் 'சுடு' தெரிகிறது. கேட்பான் என்பதில் 'ட்' வந்து 'கேள்' என்பதன் ளகரத்தை மறைத்திருக்கிறது.

சரி, இதை ஒரு குறளில் பார்ப்போம்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

கல் என்ற ஒரே வேர் இங்கே மூன்று உருவில் வருகிறது. 'கற்க' என்பது வியங்கோள் வினைமுற்று. 'கற்பவை' வினையாலணையும் பெயர். 'கற்ற' என்பது 'பின்' என்ற சொல்லைத் தழுவி நிற்பதால் பெயரெச்சம். 'நிற்க' மறுபடியும் வியங்கோள், வேர் நில். 'அற' என்பது அறு என்ற வேரிலிருந்து வந்த வினையெச்சம். கசடு என்றால் குற்றம். குற்றம் நீங்கும்படி கல் என்று பொருள் வருகிறது. சொற்பொருள் கேள்வி ஒன்றுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. இது பொருட்பாலில் கல்வி அதிகாரத்தின் முதல் குறள், திருக்குறள் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று என்று பக்கத்திலேயே எழுதிவைத்தால் இலக்கிய வரலாறும் கூடவே வந்துவிடும். தனித்தனி நோட்டில் மூன்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட இப்படிப் படித்தது மனதில் நிற்கிறது.

தேர்வில் அதிகம் குழப்புவது கற்றல், கற்றவர் என்ற இணை. கற்றல் தொழிற்பெயர். அது செயலை மட்டும் சொல்லும், காலம் காட்டாது. கற்றவர் வினையாலணையும் பெயர். செயலைச் செய்தவரைச் சொல்லும், காலமும் காட்டும். எப்போது என்று கேட்டுப் பாருங்கள். கற்றவர் என்பதில் இறந்தகாலம் இருக்கிறது, கற்றலில் அப்படி எதுவும் இல்லை. தொழிற்பெயரில் வேரே நீண்டு நிற்பதும் உண்டு. சுடு சூடு ஆகும், கெடு கேடு ஆகும், பெறு பேறு ஆகும். இவை முதனிலை திரிந்த தொழிற்பெயர்கள். 'தல்', 'அல்' விகுதியை மட்டுமே தேடுகிறவர்கள் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

நான் சொன்ன எதிர்காலச் சோதனை கைவிடும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வருவான், தருவான் என்பதை வைத்து வரு, தரு என்று எழுதிவிடாதீர்கள். வேர் வா, தா. வந்தான் என்பதைப் பகுபத உறுப்பாகப் பிரிக்கும்போது வா என்பது 'வ' எனக் குறுகியது விகாரம் என்று குறிக்கிறோம் அல்லவா, அந்த வா தான். வெந்தது என்பதும் இப்படித்தான். இன்று வேகும் என்கிறோம், அதனால் 'வேகு' என்று எழுதத் தோன்றும். நன்னூல் வாய்பாட்டிலேயே வே இருக்கிறது, அதுதான் விடை.